விட்டில் விளக்கைத் தேடி வருகிறதா, விளக்கில் மாட்டிக்கொள்கிறதா? இரவு விளக்குகள், பூச்சிகள், பறவைகள் பற்றிய கேள்வி பதில்

விட்டில் ஏன் விளக்கைத் தேடி வருகிறது? வெளிச்சம் அதற்கு அவ்வளவு பிடிக்குமா?

பிடித்து வருவதில்லை. அந்த வழியாகப் போகும்போது மாட்டிக்கொள்கிறது என்பதுதான் இன்று நம்மிடம் இருக்கும் சான்றுகளோடு நன்றாகப் பொருந்தும் விடை.

இருட்டான இடத்தில் தனியாக எரியும் ஒரு பல்பைத் தேர்ந்தெடுத்து, கைபேசியின் ஸ்லோமோஷனில் வினாடிக்கு 240 படங்கள் வீதம் எடுத்துப் பாருங்கள். வெறும் கண்ணுக்கு அந்துப்பூச்சி பல்பை முட்ட வருவதுபோலத் தெரியும். மெதுவாக ஓட்டினால் கதை வேறு. பூச்சி பல்பை நோக்கிப் பாய்வதில்லை. பல்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குறுக்காகப் பறக்கிறது. உடலைச் சாய்த்து முதுகைப் பல்பின் பக்கம் திருப்புகிறது. சாய்ந்த உடலை இறக்கைகள் தூக்கும்போது பாதை வளைகிறது. வளைந்ததும் பல்பு இருக்கும் திசை மாறுகிறது, பூச்சி மறுபடி முதுகைத் திருப்புகிறது, பாதை மறுபடி வளைகிறது. நாம் பார்க்கும் சுற்றல் இப்படித்தான் உருவாகிறது.

சாமுவேல் ஃபேபியன், யஷ் சோந்தி உள்ளிட்ட குழு 2024-இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் இதை அதிவேகக் கேமராக்களால் அளந்து காட்டியது. பூச்சியின் மேல் சிறு குறியிட்டு ஆய்வகத்திலும், கோஸ்டா ரிகாவின் காட்டில் விளக்கு வைத்தும் பார்த்தார்கள். அவர்கள் சொல்லும் காரணம் எளிமையானது. பல கோடி ஆண்டுகளாக இரவிலும்கூட வானம் தரையைவிடக் கொஞ்சம் வெளிச்சமாகவே இருந்து வந்திருக்கிறது. பறக்கும்போது எது மேல், எது கீழ் என்பதைச் சிறு உடம்பு கொண்ட பூச்சியால் எடையை வைத்து நம்பகமாக உணர முடியாது, ஏனென்றால் திரும்பும்போதெல்லாம் அந்த உணர்வு குழம்பிவிடும். அதனால் வெளிச்சம் இருக்கும் பக்கத்துக்கு முதுகைக் காட்டுவது அதன் அனிச்சையாகிவிட்டது. பக்கத்தில் ஒரு பல்பு எரிந்தால் பூச்சிக்கு வானம் பக்கத்துக்கு வந்துவிடுகிறது.

நிலவை வைத்து வழி கண்டுபிடிக்கும் பூச்சி பல்பை நிலவென்று ஏமாறுகிறது என்று படித்திருக்கிறேனே?

பல பாடநூல்களில் இருந்த விளக்கம் அது. நிலவு வெகுதூரத்தில் இருப்பதால் அதை ஒரே கோணத்தில் வைத்துக்கொண்டு பறந்தால் நேர்கோட்டில் போகலாம். பல்பு அருகில் இருப்பதால் அதே உத்தி பூச்சியைச் சுருள் பாதையில் உள்ளே இழுத்துவிடும் என்பது வாதம். அழகான வாதம்தான். ஆனால் அது உண்மையானால் பூச்சி படிப்படியாக பல்பை நெருங்க வேண்டும், முதுகைப் பல்புக்குக் காட்ட வேண்டிய தேவையும் இல்லை. படத்தில் தெரிவதோ முதுகைச் சாய்ப்பது, நெருங்காமலே நீண்ட நேரம் வட்டமிடுவது, நடுவே தலைகீழாகப் புரண்டு விழுவது. கடைசியில் சொன்னதை நிலவு விளக்கம் தொடவே இல்லை.

இரண்டு விளக்கங்களையும் பிரித்துக் காட்டும் இடம் பல்பின் நேர் மேலேயும் நேர் கீழேயும் இருக்கிறது. பல்புக்கு மேலே பறக்கும் பூச்சி முதுகைக் கீழே திருப்ப முயன்று கவிழ்கிறது. பல்புக்குக் கீழே வரும் பூச்சி மூக்கை உயர்த்திச் செங்குத்தாக ஏறி, வேகம் இழந்து நின்றுவிடுகிறது. சுற்றுதல், நின்றுபோதல், கவிழ்தல் என்ற இம்மூன்றையும் ஒரே அனிச்சை விளக்குகிறது. ஒரு கருதுகோளிடம் நான் எதிர்பார்ப்பது இதைத்தான்.

எல்லாப் பூச்சிகளும் இப்படியா?

இல்லை. அரளி இலை தின்று வளரும் பருந்து அந்துப்பூச்சியும் பழ ஈயும் அந்த ஆய்வகத்தில் விளக்கின் மேலேயே சாதாரணமாகப் பறந்து போயின. அனிச்சை இல்லையா, அல்லது தேவைப்படும்போது அதை அடக்க முடிகிறதா என்பது இன்னும் திறந்த கேள்வி.

சரி, மாட்டிக்கொள்கிறது என்றே வைத்துக்கொள்வோம். தேடி வந்தால் என்ன, மாட்டினால் என்ன? செத்துப்போவது ஒன்றுதானே?

வித்தியாசம் பெரிது. எங்கே அளக்க வேண்டும், எதை மாற்ற வேண்டும் என்ற இரண்டுமே இதனால் மாறிப்போகின்றன.

தேடி வருவதென்றால் பாதிப்பை விளக்கடியில் எண்ணிவிடலாம். தொலைவிலிருந்து எத்தனை பூச்சி இழுக்கப்பட்டதோ அத்தனையும் அங்கே இருக்கும். மாட்டிக்கொள்வதென்றால் விளக்கடியில் இருப்பவை அந்த நேரத்தில் சில மீட்டருக்குள் தற்செயலாக வந்தவை மட்டுமே. வெளிச்சத்தால் பாதிக்கப்பட்டு வேறு பக்கம் போனவை, முட்டையிடாமல் திரும்பியவை, பறக்காமலே உட்கார்ந்துவிட்டவை எல்லாம் கணக்கில் வராது.

இது வெறும் ஊகமில்லை. ஜெர்மனியில் ஒரு குழு அந்துப்பூச்சிகளின் முதுகில் சிறு ஆன்டெனா ஒட்டி, ரேடாரால் தெருவிளக்குகளுக்கிடையே பின்தொடர்ந்தது. 2024-இல் வெளியான அந்த முடிவின்படி 4% பூச்சிகளே விளக்கில் போய் முடிந்தன. மற்றவை விளக்குக்கு வராவிட்டாலும் அவற்றின் பாதை கோணல்மாணலாகியிருந்தது. விளக்கடியில் நின்று எண்ணுபவர் அந்த நான்கைப் பார்த்துவிட்டு மற்ற தொண்ணூற்றாறுக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று எழுதிவிடுவார். நானும் பல காலம் அப்படித்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த எண்ணிக்கையில் நான் வைத்திருந்த நம்பிக்கையை இந்த ஒரு கட்டுரை முழுதாகக் கலைத்துவிட்டது.

விளக்கடியில் தெரியாத பாதிப்பை எப்படித்தான் பார்ப்பது?

அந்துப்பூச்சியின் இளம்பருவமான கம்பளிப்புழுவை எண்ணலாம். பறக்கும் பூச்சி இன்று இங்கே, நாளை எங்கேயோ. புழு பிறந்த செடியிலேயே இருக்கும், ஆகவே அந்த இடத்தின் கதையை அது சொல்லும்.

தெற்கு இங்கிலாந்தில் டக்ளஸ் பாய்ஸ் தலைமையிலான குழு சாலையோரப் புதர்வேலிகளிலும் புல் ஓரங்களிலும் இதைச் செய்தது. தெருவிளக்கு உள்ள இடமும் அருகிலேயே அதே மாதிரியான இருண்ட இடமுமாக 26 இணைகள். 2021-இல் வெளியான முடிவில், விளக்குள்ள வேலிகளில் கம்பளிப்புழுக்கள் 47% குறைவு, புல் ஓரங்களில் 33% குறைவு. பழைய மஞ்சள் சோடியம் விளக்குகளைவிட வெள்ளை எல்இடி உள்ள இடங்களில் பாதிப்பு அதிகம்.

புழு எந்தக் கட்டத்தில் காணாமல் போகிறது என்பதுதான் எனக்கு இதில் முக்கியம். தாய் முட்டையே இடவில்லையா? முட்டையிட்டும், வெளிச்சத்தில் இரைதேடும் சிலந்தியும் குளவியும் தின்றுவிட்டனவா? இதைப் பிரித்துப் பார்ப்பது கடினமல்ல.

கணிப்பு 1. முட்டையிடுவதைத்தான் வெளிச்சம் தடுக்கிறது என்றால், ஒரே வகைச் செடியைத் தொட்டியில் வளர்த்து விளக்கடியிலும் இருட்டிலும் ஓரிரவு வைத்து, மறுநாள் காலையிலேயே முட்டைகளை எண்ணினால் வித்தியாசம் தெரிய வேண்டும். எதிரிகள் தின்பதுதான் காரணம் என்றால், முதல் காலையில் முட்டை எண்ணிக்கை சமமாக இருந்து, ஒரு வாரத்தில் விளக்கடிப் புழுக்கள் மட்டும் வேகமாகக் குறைய வேண்டும். செடிகளில் பாதியை மெல்லிய வலையால் மூடி எதிரிகளைத் தடுத்தால் இரண்டாவது விளக்கத்தை நேராகவே சோதிக்கலாம்: வலைக்குள் இருக்கும் புழுக்கள் விளக்கடியிலும் தப்பிக்க வேண்டும். அங்கேயும் குறைந்தால் எதிரிகள் மேல் பழி போட முடியாது. புழுவே வெளிச்சத்தில் சரியாகத் தின்னாமல் போகிறதா என்று அடுத்துப் பார்க்க வேண்டும்.

பறவைகளுக்கும் இதே முதுகு அனிச்சைதான் காரணமா?

இல்லை. இரண்டையும் ஒரே தலைப்பில் போட்டு ஒரே காரணம் சொல்வது இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும் பிழை. பறவைக்கு எது மேல், எது கீழ் என்று உணர நல்ல உட்செவி இருக்கிறது. விளக்கருகே பறவை கவிழ்வதில்லை.

இரவில் வலசை போகும் சிறு பறவைகள் விண்மீன்களையும் பூமியின் காந்தப்புலத்தையும் வைத்துத் திசை அறிகின்றன. காந்தத் திசை உணர்வு கண்ணில் விழும் ஒளியைச் சார்ந்தது என்பதும், ஒளியின் நிறத்தை மாற்றினால் கூண்டுப் பறவை திசை தவறுகிறது என்பதும் பல சோதனைகளில் கண்டவை. மேகமும் தூறலும் சேர்ந்து விண்மீன்களை மறைத்த இரவில் கீழே பிரகாசமான ஒளி மட்டும் தெரிந்தால், பறவைக்கு வெளியேறும் திசை தெரிவதில்லை. வெளிச்ச வட்டத்தின் விளிம்புவரை போய், இருட்டைக் கண்டு திரும்பி, மறுபடி உள்ளேயே சுற்றுகிறது. கண்ணாடியில் மோதுவதோ களைத்து விழுவதோ அதற்குப் பிறகு நடப்பது.

பூச்சிக்குச் சில மீட்டரில் நடப்பது பறவைக்குச் சில கிலோமீட்டரில் நடக்கிறது. காரணமும் வேறு, அளவும் வேறு. ஆனால் மாட்டிக்கொள்வது என்ற வடிவம் ஒன்று. அதனால்தான் இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதுகிறேன்.

பறவைகள் விளக்கால்தான் சுற்றின, காற்றாலோ மேகத்தாலோ அல்ல என்று எப்படி உறுதியாகச் சொல்கிறார்கள்?

விளக்கை அணைத்துப் பார்த்ததால்.

நியூயார்க்கில் ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 11 இரவில் இரட்டைக் கோபுரங்களின் நினைவாக இரண்டு ஒளித்தூண்களை வானில் எழுப்புகிறார்கள். மொத்தம் 88 செனான் விளக்குகள், விளக்குக்கு 7,000 வாட் வீதம், நேராக மேலே பார்த்து எரியும். அந்தத் தேதி இலையுதிர்கால வலசையின் நடுவில் விழுகிறது. தன்னார்வலர்கள் ஒளிக்குள் சுற்றும் பறவைகளை எண்ணிக்கொண்டே இருப்பார்கள். எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டினால் 20 நிமிடம் விளக்கை அணைக்க ஏற்பாடு இருக்கிறது. பறவைகளுக்காக எடுத்த அந்த முடிவு அறிவியலுக்கும் அருமையான சோதனையாக அமைந்துவிட்டது.

பெஞ்சமின் வான் டோரன் உள்ளிட்டோர் 2008 முதல் 2016 வரையிலான ஏழு இரவுகளின் ரேடார் பதிவுகளையும், பறவைகள் எழுப்பும் குரல்களின் ஒலிப்பதிவையும் சேர்த்து 2017-இல் வெளியிட்டார்கள். ஏழு இரவுகளில் சுமார் 11 லட்சம் பறவைகள் பாதிக்கப்பட்டிருக்கின்றன. சராசரி எடுத்தால் இரவுக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல். விளக்குக்கு மேலே பறவை அடர்த்தி சுற்றுப்புறத்தைவிட 20 மடங்குவரை போனது. எரியும்போது அவை மெதுவாக, வட்டமாக, அடிக்கடி கத்திக்கொண்டு பறந்தன. அணைத்தபோது சில நிமிடங்களில் கலைந்துபோயின.

இதன் வலு எங்கே என்று பாருங்கள். விளக்கு எரிந்த இரவையும் எரியாத வேறோர் இரவையும் ஒப்பிட்டிருந்தால் நம்ப முடியாது. காற்று மாறியிருக்கும், மேகம் மாறியிருக்கும், அன்று கிளம்பிய பறவைகளே வேறாக இருந்திருக்கும். இங்கே ஒரே இரவில், ஒரே வானத்தில், 20 நிமிட இடைவெளியில் மாறியது விளக்கு ஒன்றுதான். அதுவும் ஒரு முறை இல்லை, எரிய எரியக் கூடி, அணைக்க அணைக்கக் கலைந்து, பல முறை நடந்திருக்கிறது.

ஒரு எல்லையையும் சொல்லியாக வேண்டும். வானை நோக்கிப் பாயும் 88 விளக்குகளின் முடிவைத் தரையைப் பார்க்கும் தெருவிளக்குக்கு அப்படியே பொருத்தக் கூடாது. மாட்டிக்கொள்ளும் விதத்துக்கு இது சான்று. சாதாரண விளக்கின் பாதிப்பு எவ்வளவு என்பதற்குச் சான்று இல்லை.

கணிப்பு 2. பறவைகள் ஒளியில் மாட்டித்தான் நிற்கின்றன என்றால், அணைத்ததும் அடர்த்தி குறையும் வேகம் பறவைகள் அந்த இடத்தைச் சாதாரணமாகக் கடக்கும் வேகத்தோடு ஒத்துப்போக வேண்டும், அதாவது நிமிடங்களில். உணவுக்கோ ஓய்வுக்கோ வந்திருந்தால் அணைத்த பின்னும் மணிக்கணக்கில் அங்கேயே இருக்கும். மேகம் தாழ்ந்த இரவில் சேரும் வேகம் அதிகமாகவும், தெளிந்த இரவில் குறைவாகவும் இருக்க வேண்டும். தெளிந்த இரவிலும் மேகமூட்ட இரவிலும் ஒரே அளவு சேர்ந்தால், விண்மீன் மறைவு பற்றி மேலே சொன்னது தவறு.

கட்டடங்களில் மோதுவதற்கும் விளக்குக்கும் உண்மையில் தொடர்பு இருக்கிறதா? கண்ணாடிதானே கொல்கிறது?

கொல்வது கண்ணாடி. அதன் அருகே கொண்டுவந்து நிறுத்துவது வெளிச்சம்.

சிகாகோவில் ஏரிக்கரையில் உள்ள மெக்கார்மிக் பிளேஸ் மாநாட்டு மையத்தில் மோதி விழும் பறவைகளை, அந்நகரின் ஃபீல்ட் அருங்காட்சியகத்தினர் 1978 முதல் சேகரித்து வருகிறார்கள். 21 ஆண்டுகளின் பதிவை ஆராய்ந்து 2021-இல் வந்த கட்டுரை, ஒவ்வோர் இரவும் எத்தனை ஜன்னல்களில் வெளிச்சம் இருந்தது என்பதையும் கணக்கில் எடுத்தது. கண்ணாடி எல்லா இரவிலும் அதேதான். மாறியது வெளிச்சம். வெளிச்சமான ஜன்னல் பரப்பு கூடக் கூட இறப்பும் கூடியது. வெளிச்சத்தைக் குறைந்தபட்ச அளவில் வைத்திருந்தால் சுமார் 60% இறப்பைத் தவிர்த்திருக்கலாம் என்பது அவர்கள் கணக்கு. அதே கட்டடத்தில் 2023 அக்டோபர் 5 அன்று ஒரே நாளில் ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவான பறவைகள் இறந்தன. அதன் பிறகு கண்ணாடிகளில் புள்ளிகள் கொண்ட படலம் ஒட்டினார்கள். பகலில் மோதும் பறவைகளுக்கும் உதவுவது அதுதான். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய அவசியமே இல்லை.

வெள்ளை விளக்கை எடுத்துவிட்டு மஞ்சளாகப் போட்டால் சிக்கல் தீர்ந்துவிடுமா?

பூச்சிக்குக் குறையும், தீராது. பெரும்பாலான பூச்சிகளின் கண் புற ஊதா, நீலம், பச்சை நிறங்களுக்குக் கூர்மையானது. அடர் மஞ்சள் விளக்கு அவற்றின் கண்ணுக்கு மங்கல். ஆனால் முதுகு அனிச்சைக்கு முக்கியம், எந்தப் பக்கம் வெளிச்சம் அதிகம் என்பதுதான். ஆகவே மஞ்சள் விளக்கையும் போதுமான அளவு பிரகாசமாக்கினால் பூச்சி சுற்றும் என்றே எதிர்பார்க்கலாம்.

பறவை விஷயத்தில் நிறத்தைவிட, விளக்கு தொடர்ந்து எரிகிறதா, விட்டுவிட்டு எரிகிறதா என்பது உறுதியாகத் தெரிந்த விஷயம். அமெரிக்காவின் மிச்சிகனில் தகவல்தொடர்புக் கோபுரங்களில் தொடர்ந்து எரியும் சிவப்பு விளக்குகளை அணைத்துவிட்டு, விட்டுவிட்டு எரிபவற்றை மட்டும் வைத்தபோது பறவை இறப்பு 50 முதல் 71% வரை குறைந்தது. ஒளி விட்டுவிடும் இடைவெளியில் பறவைக்குத் தப்பிக்க வழி கிடைக்கிறது. இதையும் மாட்டிக்கொள்ளல் விளக்கம் இயல்பாகவே எதிர்பார்க்கிறது.

வாசலில் ஒரு சின்ன பல்புதான் எரிகிறது. அதெல்லாம் ஒரு பாதிப்பா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூடி இல்லாத 800 லூமென் எல்இடி பல்பு, எல்லாப் பக்கமும் சமமாக ஒளி விடுவதாகக் கொள்வோம். I என்பது ஒரு திசையில் போகும் ஒளியின் செறிவு, கேண்டெலாவில். d பல்பிலிருந்து உள்ள தூரம், E அங்கே விழும் வெளிச்சம், லக்ஸில்.

```
I = 800 / (4 × 3.14) ≈ 64 cd
E = I / d²
d = 2 m   →  16 lux
d = 15 m  →  0.28 lux
```

முழுநிலவு தரையில் தரும் வெளிச்சம் பெரும்பாலும் 0.1 முதல் 0.3 லக்ஸ்வரை. ஆக, அந்தச் சின்ன பல்பு 15 மீட்டர் தள்ளியுள்ள மரத்தில் மாதம் முழுக்கப் பௌர்ணமியை வைத்திருக்கிறது. நிலவு தேயும், மறையும், மேகத்துக்குள் போகும். பல்பு அதையெல்லாம் செய்வதில்லை.

இந்த அளவு உயிரினத்துக்கு உறைக்குமா என்றால், உறைக்கும். ஐரோப்பியக் கரும்பறவைகளைக் கூண்டில் வைத்து இரவில் 0.3 லக்ஸ் மட்டும் கொடுத்த சோதனையில், இருட்டில் இருந்தவற்றைவிட ஏறக்குறைய ஒரு மாதம் முன்பே அவற்றின் இனப்பெருக்க உறுப்புகள் வளர்ந்தன. 2013-இல் டேவிடே டொமினோனி உள்ளிட்டோர் வெளியிட்டது. மோதலும் இல்லை, சுற்றலும் இல்லை. உள் கடிகாரம் மட்டும் முந்திக்கொண்டது.

விளக்கு முழுவதும் வேண்டாம் என்று சொல்ல முடியாது. எந்த மாற்றம் அதிகம் பயன் தரும்?

பூச்சிக்கு ஒளி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பது முக்கியம். பறவைக்கு எந்த நேரத்தில் எரிகிறது என்பது முக்கியம்.

முதுகு அனிச்சை உண்மையானால், மோசமான விளக்கு எது என்று அதிலிருந்தே சொல்லிவிடலாம்: மரத்தைக் கீழிருந்து மேலாகக் காட்டும் தரைவிளக்கு. அதற்கு மேலே வரும் பூச்சிக்கு வானம் காலடியில் இருக்கிறது. அடுத்தது, பக்கவாட்டில் பல்பு தெரியும் உருண்டைக் கூண்டு விளக்கு. பல்பு பக்கத்திலிருந்து தெரியாதபடி மேல்மூடி போட்டு, ஒளி கீழே மட்டும் விழும் விளக்கு இவற்றைவிட நல்லது. ஆனாலும் அதன் நேர் கீழே வரும் பூச்சி ஏறி நின்றுபோவது குறையாது.

கணிப்பு 3. ஒரே விளக்குக்கு மூடி போட்டால், பல்பின் உயரத்திலும் அதற்கு மேலேயும் நடக்கும் சுற்றலும் கவிழ்தலும் தெளிவாகக் குறைய வேண்டும். கீழே நடக்கும் நின்றுபோதல் ஏறக்குறைய அப்படியே இருக்க வேண்டும். எல்லாம் ஒரே விகிதத்தில் குறைந்தால், காரணம் ஒளியின் திசை அல்ல, மொத்த ஒளி குறைந்ததுதான்.

நேரத்தைப் பொறுத்தவரை, பல இடங்களில் நள்ளிரவுக்கு மேல் அணைக்கிறார்கள். இரவு வலசை சூரியன் மறைந்து ஒரு மணி நேரத்துக்குள் தொடங்கி, பெரும்பாலும் நள்ளிரவுக்கு முன்பே உச்சம் தொட்டுவிடும். நள்ளிரவில் அணைப்பது மின்சாரத்தை மிச்சப்படுத்தும். பறவைகளில் பெரும்பகுதி அதற்குள் கடந்துபோயிருக்கும். வருடம் முழுவதும் பாதி இரவு அணைப்பதைவிட, வலசைக்காலத்தின் சில வாரங்களில் முன்னிரவிலேயே அணைப்பது பறவைகளுக்கு அதிகம் உதவும் என்பது என் துணிபு.

மூன்றாவது கணிப்பை நானே சோதித்துப் பார்க்க முடியுமா?

முடியும், ஒரு கைபேசியும் ஓர் ஏணியும் பொறுமையும் இருந்தால் போதும்.

ஒரே மாதிரியான இரண்டு விளக்குகளை ஒன்றின் வெளிச்சம் மற்றதில் படாத தூரத்தில் தேர்ந்தெடுங்கள். முதல் இரவு ஒன்றுக்கு மூடி, அடுத்த இரவு மற்றதற்கு மூடி என்று மாற்றிக்கொண்டே போங்கள். எப்போதும் ஒரே விளக்குக்கு மூடி போட்டால், அந்த விளக்கின் பக்கத்தில் குட்டையோ புதரோ இருப்பதால் வந்த வித்தியாசத்தை மூடியின் பலன் என்று எடுத்துக்கொள்ள நேரிடும். இரண்டிரவு சேர்ந்தது ஓர் இணை. பத்து இணை வேண்டும். முழுநிலவை ஒட்டிய நாட்களை விடுங்கள், நிலவொளியில் விளக்கின் வலு குறைந்துவிடும். பலத்த காற்றும் மழையும் உள்ள இரவுகளையும் விடுங்கள்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. மூடி போட்டதும் பூச்சிகள் குறைந்ததுபோலத் தோன்றும், உண்மையில் குறையாவிட்டாலும். ஏனென்றால் வெளிச்சம் படும் இடத்தில் இருக்கும் பூச்சியைத்தான் கேமரா பார்க்கிறது. மூடி வெளிச்சப் பரப்பைச் சுருக்கிவிடுகிறது, மேலே இருட்டில் பறப்பவை படத்தில் விழுவதில்லை. இந்த ஒரு காரணத்தால் பல நல்ல எண்ணிக்கைகள் வீணாகியிருக்கும் என்று நினைக்கிறேன்.

தப்பிக்க வழி, தலையை எண்ணாமல் விகிதத்தை எண்ணுவது. விளக்கின் கீழே, மூடி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே மாதிரி வெளிச்சம் படும் ஒரு பகுதியைப் படச்சட்டத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குள் நுழையும் பூச்சிகளில் எத்தனை செங்குத்தாக ஏறி நின்றன என்று பாருங்கள். பல்பின் உயரத்திலுள்ள சுற்றலுக்கு, இரண்டு இரவுகளிலும் ஒரே மங்கலான அகச்சிவப்பு விளக்கைத் தனியாக வைத்து, அகச்சிவப்பு பதியும் கேமராவால் எடுக்க வேண்டும். அந்த ஒளி பூச்சிக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். நுழைந்தவற்றில் ஒரு முழு வட்டமாவது அடித்தவை எத்தனை என்பதே அளவு.

ஒரு மாதிரிக் கணக்கு. பத்து இணைகளில் ஒன்பதில் மூடி போட்டபோது சுற்றல் விகிதம் குறைந்தது என்று வையுங்கள். மூடியால் எந்தப் பலனும் இல்லை என்றால் ஒவ்வோர் இணையும் நாணயத்தைச் சுண்டுவது போலத்தான். பத்தில் ஒன்பதோ பத்துமோ ஒரே பக்கம் விழ வாய்ப்பு 11/1024, அதாவது சுமார் 1.1%. நம்பலாம். எட்டு இணைகளில் மட்டும் குறைந்திருந்தால் அது 56/1024, 5.5% ஆகிவிடும். அப்போது முடிவு சொல்லாமல் இன்னும் சில இணைகள் எடுக்க வேண்டும். எத்தனை எடுப்பது என்பதைத் தொடங்கும் முன்பே எழுதி வைத்துவிட வேண்டும். வேண்டிய விடை வரும்வரை எடுத்துக்கொண்டே போனால் அது சோதனை இல்லை.

நகரத்தில் விளக்கடியில் பூச்சிகளே இல்லை. அப்படியென்றால் அங்கே பாதிப்பும் இல்லைதானே?

மூன்று காரணங்கள் இருக்கலாம். பூச்சிகள் ஏற்கெனவே அழிந்திருக்கலாம். சுற்றிலும் எல்லாம் வெளிச்சமாக இருப்பதால் ஒரு தனி விளக்கின் இழுப்பு மங்கியிருக்கலாம். மூன்றாவது காரணம்தான் வியப்பானது: பூச்சிகளே மாறியிருக்கலாம். 2016-இல் ஆல்டர்மாட், எபர்ட் இருவரும் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரச் சுற்றுவட்டாரத்தின் வெளிச்சமான இடங்களிலிருந்தும் இருண்ட இடங்களிலிருந்தும் ஒரே இன அந்துப்பூச்சியின் புழுக்களை எடுத்து, ஒரே சூழலில் வளர்த்துப் பறக்கவிட்டார்கள். வெளிச்சப் பகுதியின் வழிவந்தவை விளக்குக்கு வருவது 30% குறைவாக இருந்தது. ஒரே சூழலில் வளர்ந்தும் அப்படி இருப்பதால் அது பெரும்பாலும் வழிவழியாக வந்த மாற்றம்.

கணிப்பு 4. அந்த மாற்றத்துக்கு விலை உண்டென்றால், வெளிச்சப் பகுதியின் பூச்சிகள் விளக்கே இல்லாத இருட்டிலும் குறைவாகப் பறக்க வேண்டும். அப்படியானால் விளக்கிலிருந்து தப்பினாலும் பூவுக்கும் துணைக்கும் போகும் தூரம் சுருங்கியிருக்கும். இருட்டில் இரண்டும் சமமாகப் பறந்தால் அவை விலையின்றித் தப்பிக்கக் கற்றிருக்கின்றன. எனக்கு அதுவே நடக்க வேண்டுமென்று ஆசை.

எந்த முடிவு வந்தால் நீங்கள் சொல்வது தவறு என்று ஒப்புக்கொள்வீர்கள்?

பூச்சி விஷயத்தில், பல்பிலிருந்து நூறு மீட்டருக்கு அப்பால் விட்ட அந்துப்பூச்சிகள் பெரும்பாலானவை ரேடாரில் நேராகப் பல்பை நோக்கி வந்தால். பறவை விஷயத்தில், விளக்கை அணைத்த பின்னும் ஒரு மணி நேரத்துக்கு அடர்த்தி குறையாவிட்டால். மூடி விஷயத்தில், சுற்றலும் நின்றுபோதலும் ஒரே விகிதத்தில் குறைந்தால். இம்மூன்றில் முதலாவதற்கு ரேடார் வேண்டும், இரண்டாவதற்கு அணைக்கச் சம்மதிக்கும் ஒரு பெரிய விளக்கு வேண்டும். மூன்றாவதை அமாவாசையை ஒட்டிய ஏதோ ஓர் இரவில் யார் வேண்டுமானாலும் தொடங்கலாம்.